சனிக்கிழமைச் சம்பளம் யார் கையில்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வாரத்தின் கடைசி நாள் சனிக்கிழமை அல்ல, சம்பள நாள். பட்டாசுத் தொழிற்சாலையை இங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. 'பயர் ஆபீஸ்' என்பார்கள். தீப்பெட்டி செய்யும் இடம் 'தீப்பெட்டி ஆபீஸ்'. சாயங்காலம் ஆபீஸ் வேன்கள் கிராமத்து மந்தையில் வந்து நிற்கும்போது இறங்குகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். காலையில் தூக்குவாளியோடு போனவர்கள், மாலையில் வாரக் கூலியோடு இறங்குகிறார்கள்.

அந்தக் கூலிக்கு ஒரு விசேஷம் உண்டு. அது ஊருக்கே தெரிந்த தொகை. திரி வைப்பது, சரம் பின்னுவது, பெட்டியில் அடைப்பது என்று பெண்கள் செய்யும் வேலையில் பெரும்பாலானது பீஸ் ரேட். எத்தனை உருப்படி முடித்தார்கள் என்று கணக்குப்பிள்ளை எழுதிவைக்கிறார். அதே வேனில் வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டால் அந்த வாரம் என்ன வந்திருக்கும் என்று புருஷனால் ரூபாய் பிசகாமல் சொல்லிவிட முடியும். புருஷனுடைய சம்பளம் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. பல வீடுகளில் தெரியாது.

ஆரோக்கியமான உறவையும் அடக்கி ஆளும் உறவையும் பிரித்துக் காட்டும் கோடு எங்கே ஓடுகிறது என்று தேடினால், கன்னத்தில் விழுந்த அறையைவிட இந்தச் சம்பளக் கவரிலிருந்து தொடங்குவது நல்லது.

அடியை எண்ணும் கணக்கு நம்மிடம் இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான அல்லது ஒரு காலத்தில் மணமாகியிருந்த தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 38 பேர் கணவரால் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்தித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுவதற்குமான சராசரி 29. படிப்பிலும் வேலையிலும் முன்னே நிற்கும் மாநிலத்தில் இந்த எண் உயர்ந்து நிற்பது பலருக்கும் அதிர்ச்சியாக இருந்தது.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஆறு கேள்விகள் இருக்கின்றன. வேறு ஆண்களோடு பேசினால் கணவர் கோபப்படுகிறாரா? நடத்தையைச் சந்தேகித்துப் பழி சொல்கிறாரா? தோழிகளைச் சந்திக்க விடாமல் தடுக்கிறாரா? பிறந்த வீட்டோடு உள்ள தொடர்பைக் குறைக்கப் பார்க்கிறாரா? எந்நேரமும் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்கிறாரா? பணத்தை நம்பி உங்களிடம் கொடுப்பதில்லையா? இந்தப் பகுதியைக் கேட்பதற்கென்று தனி நெறிமுறை உண்டு. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியைக் கேட்காமலே விட்டுவிடுவார்கள். சம்பளத்தையும் தோழிகளையும் பற்றிய சாதாரணக் கேள்விகளுக்கு இவ்வளவு பாதுகாப்பு தேவைப்படுகிறது என்பதே, அவை எதைத் தொடுகின்றன என்பதைக் காட்டும்.

ஆறு கேள்விகளிலும் அடி என்ற சொல் இல்லை.

சண்டையும் கட்டுப்பாடும் ஒன்றல்ல என்பதை ஆய்வாளர்கள் தெளிவாகப் பார்க்கக் கொஞ்சம் காலம் பிடித்தது. அமெரிக்காவில் ஒரு விநோதமான முரண்பாடு இருந்தது. பொதுமக்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளில் கணவனும் மனைவியும் ஏறக்குறைய ஒரே அளவில் கை நீட்டுவதாகத் தெரிந்தது. பெண்கள் காப்பகங்களிலும் காவல் நிலையங்களிலும் பார்த்தால் அடிபட்டவர் ஏறக்குறைய எப்போதும் பெண். 1995இல் மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர், இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை, இரண்டு வேறு விஷயங்களை அளக்கிறார்கள் என்றார். ஒன்று, வாக்குவாதம் முற்றி யாரோ ஒருவர் கை ஓங்கிவிடும் சண்டை. அதுவும் தவறுதான், ஆபத்துதான். ஆனால் அந்தச் சண்டை அதோடு முடிகிறது. மற்றொன்று, ஒருவர் இன்னொருவரின் வாழ்க்கையையே தன் பிடியில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அங்கே அடி ஒரு கருவி மட்டும். பிடி உறுதியாக இருந்தால் அந்தக் கருவியை எடுக்கவே தேவையிருக்காது.

2007இல் ஈவன் ஸ்டார்க் எழுதிய நூல் இந்த இரண்டாவது வகையை விரிவாக எடுத்துவைத்தது. பெண்ணிடமிருந்து பறிக்கப்படுவது அவளுடைய சுதந்திரம் என்றும், காயங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது என்றும் அவர் வாதிட்டார். இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 76ஆம் பிரிவு, நெருங்கிய உறவில் தொடர்ந்து அடக்கி ஆளும் நடத்தையைத் தனிக் குற்றமாக்கியது. 5 ஆண்டுகள் வரை சிறை. அங்கே அடி விழுந்தாக வேண்டிய அவசியம் இல்லை.

இது நம் ஊரில் எப்படி நடக்கும் என்று ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். கற்பனை வீடுதான், அதன் துண்டுகள் ஒவ்வொன்றும் இந்த வட்டாரத்தில் கேள்விப்படாதவை அல்ல.

சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். தாய்மாமன் மகனைக் கட்டிக்கொண்டு வந்த பெண், வயது 24. பயர் ஆபீசில் பெட்டி அடைக்கும் வேலை. கல்யாணமான புதிதில் கணவர் சொன்னார்: "வேன்ல எதுக்கு நெருக்கியடிச்சுப் போற, நான் வண்டில கொண்டாந்து விடுறேன்." ஆசையாகத்தான் இருந்தது. மற்ற பெண்கள் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அந்த வேன்தான் அந்தப் பெண் தோழிகளோடு பேசும் ஒரே இடம். போக வர இரண்டு மணி நேரப் பேச்சு நின்றுபோனது.

அடுத்த வருடம் செல்போன். "யாரு கூப்பிட்டது, இவ்ளோ நேரம் என்ன பேச்சு?" அதற்கடுத்து சனிக்கிழமைக் கவர். "நீ எங்கயாச்சும் தொலைச்சுருவ, எங்கிட்டக் குடு. என்ன வேணுமோ கேளு, வாங்கித் தாரேன்." அதன்பிறகு நாப்கின் வாங்கவும் பஸ்ஸுக்கும் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்லச் சங்கடப்பட்டே பல தேவைகளை அவர் கேட்காமல் விட்டார். பங்குனிப் பொங்கலுக்குப் பிறந்த ஊர் போய்வர வேண்டும் என்றபோது இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. அடுத்த வருடம் அவரே போகவேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார். அவர் பெயரில் மகளிர் குழுக் கடன் வாங்கப்பட்டது. பணம் கணவர் கைக்குப் போனது; வாராவாரம் தவணைக்கு மற்ற பெண்கள் முன்னால் பதில் சொல்வது அவர். வீட்டில் ஒரு நாளும் அடி கிடையாது. "எம் மருமகன் கை நீட்டமாட்டார்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தேசிய ஆய்வின் வன்முறைக் கணக்கில் இந்தப் பெண் வரமாட்டார். ஆறு கேள்விகளைக் கேட்டால் குறைந்தது நாலுக்கு ஆமாம் என்பார்.

பக்கத்து வீட்டையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தப்பாகப் புரிந்துகொள்வோம். அங்கேயும் சனிக்கிழமைக் கவர் கணவரிடம்தான் போகிறது, சந்தைக்குப் போகிறவர் அவர் என்பதால். ஆனால் இருவர் சம்பளமும் இருவருக்கும் தெரியும். எவ்வளவு மிச்சம், எங்கே செலவு என்று அந்தப் பெண் கேட்கலாம். கேட்டால் முகம் சுருங்காது. சத்தமாகச் சண்டை போடுவார்கள், தெருவே கேட்கும். சீட்டுக்கட்டு ஆடப் போனதற்காக அந்தப் பெண் கணவரை வாசலில் வைத்துத் திட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னால், சொல்வது தகவல். மேலே சொன்ன வீட்டில் அதே வாக்கியம் மனு.

பணத்தை யார் பெட்டியில் வைக்கிறார் என்பது அடையாளமில்லை என்பது இதிலிருந்து தெரியும். கூட்டுக் குடும்பத்தில் பணத்தை ஒன்றாகப் போட்டுச் செலவழிப்பது நம் வழக்கம். அதில் எந்தக் கோளாறும் இல்லை. பார்க்க வேண்டியவை வேறு. ஒரே விதி இருவருக்கும் பொருந்துகிறதா? அவள் எங்கே போகிறாள் என்று கேட்பவர், தான் எங்கே போகிறோம் என்று சொல்கிறாரா? 'முடியாது' என்று சொன்னால் அதற்குப் பின் என்ன நடக்கிறது: கொஞ்ச நேரக் கோபமா, அல்லது நாள்கணக்கில் தண்டனையா? வருடங்கள் போகப்போக அவளுடைய உலகம் அகலமாகிறதா, சுருங்குகிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. தனித்தனியாக எடுத்தால் வண்டியில் கொண்டுபோய் விடுவதும் போனைப் பற்றிக் கேட்பதும் அக்கறை போலவே தெரியும். ஐந்து வருடத்தை வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான் அதன் திசை புலப்படும்.

மரியாதை என்பதை அளக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஜான் காட்மன் குழுவினர் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 130 புதுமணத் தம்பதிகளைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தம்பதிகளுக்குள் கோபம் வந்ததா என்பதைவிட, மனைவி சொல்வதற்குக் கணவர் இடம் கொடுத்துத் தன் நிலையைக் கொஞ்சமாவது மாற்றிக்கொள்கிறாரா என்பதே மணம் நிலைப்பதோடு ஒட்டிப் போனது. அவர்கள் முறையைப் பற்றி விமர்சனங்கள் உண்டு. சண்டையே இல்லாத வீடு நல்ல வீடு என்ற நம் நினைப்பை அது அசைக்கிறது என்ற அளவில் எனக்கு அது முக்கியம். சண்டை இல்லாமல் இருப்பதற்கு ஒருவர் வாயை மூடிக்கொண்டதும் காரணமாக இருக்கலாம்.

சம்பாதிக்கும் பெண்ணுக்கு இந்த நிலை வராது என்று பொதுவாக நினைக்கிறோம். பட்டாசு வட்டாரம் அந்த நினைப்புக்கு எதிரான சாட்சி. இங்கே வேலைக்குப் போகாத பெண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேசிய ஆய்வுகளிலும் கூலி வாங்கும் பெண்கள், வேலைக்குப் போகாதவர்களைவிட அதிகமாகவே வன்முறையைச் சொல்லியிருக்கிறார்கள். வேலைதான் அடியை வரவழைத்தது என்று இதை வாசிக்கக் கூடாது. வறுமைதான் பெரும்பாலும் பெண்களைக் கூலி வேலைக்கு அனுப்புகிறது. குடி, கடன் போன்ற நெருக்கடிகளும் அந்த வீடுகளில் கூடுதல். ஆனாலும் ஒன்று உறுதி. சம்பாத்தியம் தன்னளவில் கேடயம் ஆவதில்லை.

எது கேடயம் ஆகிறது? பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 502 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. நிலமோ வீடோ தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் மணவாழ்வில் உடல் வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். நிலம் மட்டும் வைத்திருந்தவர்களில் அது 18, வீடு மட்டும் வைத்திருந்தவர்களில் 10, இரண்டும் வைத்திருந்தவர்களில் 7. சிறிய ஆய்வுதான், ஒரே மாவட்டம்தான். ஆனால் காரணம் விளங்கக் கூடியது. கூலி வாராவாரம் வந்து வாராவாரம் போய்விடும். வீடு அங்கேயே நிற்கும். 'வெளியே போ' என்று சொல்ல முடியாத இடம் ஒன்று பெண்ணுக்கு இருந்தால், அந்த இடத்தை ஒருபோதும் பயன்படுத்தாவிட்டாலும் வீட்டுக்குள் பேச்சின் தொனி மாறுகிறது.

கூலியையே கொடுக்கும் விதத்தை மாற்றினால்? மத்தியப் பிரதேசத்தின் வட பகுதியில் ஒரு பரிசோதனை நடந்தது. நூறு நாள் வேலைக் கூலி அதுவரை குடும்பத் தலைவரின் கணக்குக்கே போய்க்கொண்டிருந்தது. சில ஊராட்சிகளில் பெண்ணுக்குத் தனிக் கணக்கு தொடங்கி, கூலியை நேராக அதில் போட்டு, கணக்கை எப்படிப் பயன்படுத்துவது என்று சிறு பயிற்சியும் கொடுத்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அந்தப் பெண்கள் அதிகமாக வேலைக்குப் போனார்கள். கணவருக்குப் பிடிக்காததால் முன்பு வேலைக்குப் போகாமல் இருந்த பெண்களிடம்தான் இந்த மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. முடிவுகள் 2021இல் வெளியாயின. வெறுமனே கணக்கு மட்டும் தொடங்கிக் கொடுத்த இடங்களில் அவ்வளவு பலன் இல்லை. நம் ஊரிலும் பெண்களிடம் கணக்கு இருக்கிறது. 2023 செப்டம்பர் முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அதில் மாதாமாதம் விழுகிறது. ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது, ரகசிய எண் யாருக்குத் தெரியும் என்பதுதான் மீதிக் கதை.

விருதுநகர் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய சொந்தம் உண்டு. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் தலைமையில் நடந்த மணம்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்று அந்த இயக்கத்தின் வரலாறு குறிக்கிறது. சடங்கை விலக்கியதை மட்டுமே இன்று நினைவில் வைத்திருக்கிறோம். மணம் என்பது சமமான இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்ற எண்ணம் அதைவிடப் பெரியது. ஒப்பந்தம் என்றால் இரு தரப்புக்கும் நிபந்தனை உண்டு, மீறினால் கேட்கலாம், தேவைப்பட்டால் விலகலாம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமையும் மணவிலக்கு உரிமையும் கேட்டது. 1931இல் மூன்றாவது மாநாடு விருதுநகரில் கூடியது.

சட்டம் மெதுவாக வந்து சேர்ந்தது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மணம் ஒன்றைச் செல்லாது என்றது. 1967இல் தமிழக அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது: உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். 1989இல் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தமிழ்நாட்டில் சட்டமானது. நாடு முழுவதும் அது வர 2005 ஆயிற்று. இருந்தும் அண்ணன் தம்பிகளுக்காக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் மகள்களைப் பத்திரப்பதிவு அலுவலகங்களில் இன்றும் பார்க்கலாம். கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், சீர் வராது என்ற பயம். கட்டுப்பாடு கணவன் வீட்டில்தான் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

இனி, மேலே சொன்ன சாத்தூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு என்ன வழி? இந்தியாவில் இங்கிலாந்தின் 76ஆம் பிரிவு போல ஒன்று இல்லை. ஆனால் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பலர் நினைப்பதைவிட விரிவானது. உடல், பாலியல் வன்முறையோடு வாய்மொழி, உணர்வு வன்முறையும் பொருளாதார வன்முறையும் அதில் உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் குடும்ப நிகழ்வு அறிக்கைப் படிவத்தில், வீட்டைவிட்டு வெளியே போக விடாதது, குறிப்பிட்டவரைச் சந்திக்க விடாதது, வேலைக்குப் போக விடாதது, சம்பளத்தையும் கூலியையும் பிடுங்கிக்கொள்வது என்று தனித்தனி வரிகளே இருக்கின்றன. விரும்பியவரை மணக்க விடாமல் தடுப்பதும் அதில் வருகிறது. ஆகவே அடி விழுந்த அடையாளம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை.

அந்த அறிக்கையோடு மனு நீதித்துறை நடுவரிடம் போகும். 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிவு என்பது சட்டம் வைத்த இலக்கு. நடைமுறையில் இழுத்துக்கொண்டே போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இடைக்கால உத்தரவு கேட்கலாம். கணவர் அந்தப் பெண் வேலை பார்க்கும் இடத்துக்குள் வரக் கூடாது, கூட்டாக வைத்திருக்கும் வங்கிக் கணக்கைத் தொடக் கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்றெல்லாம் நடுவர் உத்தரவிடலாம். மணவிலக்கு கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தின் கை எட்டாத இடங்களும் உண்டு. பெரியவர்களாகிய ஆண்கள் இதில் மனு கொடுக்க முடியாது. கட்டுப்பாட்டுக்குள் வாழும் ஆண்களும் இருக்கிறார்கள். அதைவிட, நாலு வருடத்தில் சிறிது சிறிதாக நடந்ததை ஒரு படிவத்தில் தேதியோடு எழுதச் சொன்னால் பெண்கள் திணறிப்போகிறார்கள். எந்தத் தேதியில் தோழியோடு பேச்சு நின்றது என்று யார் குறித்து வைத்திருப்பார்கள்? கவர் கைமாறிய சனிக்கிழமைகளையும், போகாமல் விட்ட திருவிழாவையும், குழுக் கடன் வாங்கிய மாதத்தையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிவைத்தால், அதைத் தோழி வீட்டிலோ அம்மா வீட்டிலோ கொடுத்து வைத்தால், மனு எழுதும் நாளில் அது பெரிய உதவி.

இதை வாசிக்கிறவர் பயர் ஆபீசில் ஃபோர்மேனாகவோ கணக்குப்பிள்ளையாகவோ இருந்தால் ஒரு வேண்டுகோள்: பெண்ணின் கூலியை அவர் கையில் கொடுங்கள், அல்லது அவர் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். வாசலில் வந்து நிற்கும் கணவரிடமோ மகனிடமோ கொடுத்தனுப்பாதீர்கள். நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நினைக்கும் பெண்ணுக்கு: தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.